படத்துக்குக் கீழே நான்கு வரி
(மஸ்ஜித் இந்தியாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இலக்கிய விழாவுக்குக் கையேடு அச்சிடுகிறோம். அதில் ஒவ்வொரு எழுத்தாளருக்கும் ஒரு படமும், படத்துக்குக் கீழே நான்கைந்து வரியும் வருகின்றன. என்ன எழுதியிருக்கிறார், எதைப் பற்றி எழுதுகிறார் என்று சொல்லும் அந்தச் சில வரிகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நாவலைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் இந்த மேடையில் பலர் பேசியிருக்கிறார்கள். இந்த நான்கு வரியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் நம் எழுத்தாளர்களை அறியாத ஒருவர் அவர்களைப் பற்றி முதலில் படிப்பது இதைத்தான். பெரும்பாலானோர் இதோடு நின்றும் விடுகிறார்கள்.

பல ஆண்டுகளாக விழாக் கையேடுகளுக்கு இந்தக் குறிப்புகளை வாங்கியும் திருத்தியும் மொழிபெயர்க்கக் கொடுத்தும் வந்திருக்கிறேன். நான் கண்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறிப்பில் இருக்கும் நூல் பட்டியல் ஒரு பக்கமும், அவர் எதைப் பற்றி எழுதுகிறார் என்ற வரி வேறொரு பக்கமுமாகப் பிரிந்து கிடக்கின்றன. பட்டியலில் இருக்கும் நூல்களை வைத்துக்கொண்டு அந்த வரியை மெய்ப்பிக்க முடியவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு எந்த நூலைத் தேடுவது என்றும் தெரியவில்லை. இந்த இரண்டையும் எப்படி ஒன்றாக்குவது என்பதுதான் என் பேச்சு.

பொதுவாகச் சொன்னால் விளங்காது. ஒருவரை எடுத்துக்கொள்வோம். நம் சிலாங்கூர் மண்ணை எழுதிய அ. ரெங்கசாமி. 2014இல் வல்லினம் விருதை முதலில் பெற்றவர் அவர். அந்த ஆண்டில் ஏதோ ஒரு விழா அவரை அழைத்திருக்கிறது, கையேட்டுக்கு அறுபது சொல்லுக்குள் குறிப்பு கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்குப் பழகிப்போன நடையில் எழுதினால் அது இப்படித்தான் வரும். இதை எழுதியவன் நானே. யார் எழுதியதையும் எடுத்து வரவில்லை.

“மூத்த எழுத்தாளர் அ. ரெங்கசாமி, மலேசியத் தமிழ் இலக்கிய உலகில் நீண்ட காலமாகத் தடம் பதித்து வருபவர். தோட்டப்புற மக்களின் இன்ப துன்பங்களைத் தம் படைப்புகளில் உயிரோட்டத்துடன் சித்திரித்தவர். நினைவுச்சின்னம், லங்காட் நதிக்கரை, இமையத் தியாகம் மற்றும் பல நூல்களை எழுதியுள்ளார். பல பரிசுகளும் விருதுகளும் பெற்றுள்ளார்.”

இதில் பொய் எதுவும் இல்லை. மரியாதையும் குறையவில்லை. ஆனாலும் இது அ. ரெங்கசாமியைப் பற்றிய குறிப்பு அல்ல. பெயரை எடுத்துவிட்டு இன்னொரு மூத்த எழுத்தாளரின் பெயரைப் போட்டு, மூன்று தலைப்பை மாற்றிவிட்டால் அவருக்கும் பொருந்தும். தோட்டப்புற மக்களின் இன்ப துன்பத்தை எழுதாத மூத்த மலேசியத் தமிழ் எழுத்தாளர் யார்? நம் இலக்கியம் பிறந்த இடமே பால்மரக் காடும் லயமும்தான். அதைச் சொல்வதால் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட முடியாது.

சரி, இதை எப்படித் திருத்துவது? நான் பழகிய முறை இது. முதலில் கருப்பொருள் வரியைத் தொடவே கூடாது. நூல்களை மேசைமேல் வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே கேள்வி கேட்க வேண்டும்: இந்தக் கதை எங்கே, எப்போது, யாருக்கு நடக்கிறது?

‘நினைவுச்சின்னம்’ சயாம் மரண ரயில் பாதையைப் பற்றிய நாவல். 1942, 43இல் ஜப்பானிய ராணுவம் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் பாதை போட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் அங்கே ஏற்றிச் செல்லப்பட்டார்கள். ‘இமையத் தியாகம்’ இந்திய தேசிய ராணுவத்தின் கதை. நேதாஜி 1943இல் சிங்கப்பூருக்கு வந்தபின் நம் தோட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணும் அந்தப் படைக்குப் போனார்கள். ‘லங்காட் நதிக்கரை’ தலைப்பிலேயே இடத்தைச் சொல்லிவிடுகிறது. சிலாங்கூரில் ஓடும் லங்காட் ஆறு. ஜப்பானியர் காலத்தை ஒட்டி எழுந்த கம்யூனிஸ்ட் கொந்தளிப்பில் அந்தக் கரை மக்கள் அகப்பட்ட கதை.

மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இப்போது ஒன்று கண்ணில் படுகிறது. இவர் பொதுவாகத் தோட்ட வாழ்வை எழுதியவர் என்று சொல்லி நிறுத்த முடியாது. 1940களை எழுதியவர். மலாயாவின் தலையெழுத்து மாறிய அந்தப் பத்தாண்டில், பெரிய வரலாறு தோட்டத்து வாசலுக்கே வந்து ஆளைப் பிடித்துக்கொண்டு போன நேரங்களை ஒவ்வொன்றாக எடுத்து நாவலாக்கியவர். இது நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டும் பாராட்டு இல்லை. மூன்று தலைப்பிலிருந்தும் தானாக எழுந்து வருவது. சந்தேகப்படுகிறவர் நூலைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனிக் குறிப்பை எழுதலாம்.

“அ. ரெங்கசாமி தமிழில் எழுதும் மலேசிய நாவலாசிரியர். 1940களின் மலாயாவைத் தோட்டத் தமிழரின் பக்கமிருந்து எழுதுபவர். சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் கதை ‘நினைவுச்சின்னம்’. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களின் கதை ‘இமையத் தியாகம்’. ஜப்பானியர் காலத்தை ஒட்டி எழுந்த கம்யூனிஸ்ட் கொந்தளிப்பில் சிக்கிய சிலாங்கூர் மக்களின் கதை ‘லங்காட் நதிக்கரை’. வல்லினம் விருது பெற்றவர் (2014).”

அறுபது சொல்லுக்குள் தாராளமாக அடங்குகிறது. ‘தடம் பதித்தல்’ போயிற்று. ‘உயிரோட்டம்’ போயிற்று. ‘மற்றும் பல’ போயிற்று. அந்த ‘மற்றும் பல’வைப் பற்றி ஒரு சொல். பட்டியல் நீளமானது என்று காட்டத்தான் அதைச் சேர்க்கிறோம். படிப்பவருக்கோ எழுதியவருக்கே மற்ற நூல்களின் பெயர் நினைவில்லை என்றுதான் தோன்றும். மூன்று நூல் சொன்னால் மூன்றோடு நிறுத்துங்கள்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: நூல்கள் வெளிவந்த ஆண்டு எங்கே? நியாயமான கேள்வி. ஆண்டு போடுவது நல்ல வழக்கம்தான்; நானும் பெரும்பாலும் அதை வற்புறுத்துகிறேன். ஆனால் இடம் குறையும்போது எந்த ஆண்டுக்கு முதலிடம் என்பது எழுத்தாளரைப் பொறுத்தது. வரலாற்று நாவலாசிரியருக்குக் கதை நடக்கும் ஆண்டு முக்கியம். வாசகர் அதைக் கொண்டுதான் நூலை அடையாளம் காண்கிறார். சமகாலத்தை எழுதும் சிறுகதையாளருக்கு நூல் வெளிவந்த ஆண்டு முக்கியம். அதுவே கதை நடக்கும் காலத்தையும் ஏறக்குறைய சொல்லிவிடும். சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ என்று மட்டும் எழுதாமல் 2006 என்று பக்கத்தில் போட்டால், தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர ஓரங்களுக்கு வந்து சேர்ந்த பிறகு ஒருவர் திரும்பிப் பார்த்து எழுதிய நாவல் அது என்பது அந்த எண்ணிலேயே இருக்கிறது.

சீ. முத்துசாமியைச் சொன்னதும் ஒப்பீடு தானே வருகிறது. கெடா மாநிலத்துக்காரர். 2017இல் கோவையில் விஷ்ணுபுரம் விருது பெற்றார். அவருக்கும் ‘தோட்டப்புற மக்களின் வாழ்வு’ என்ற அதே வரியைத்தான் போடுகிறோம். ஆனால் ரெங்கசாமியும் அவரும் எழுதுவது ஒரே தோட்டத்தை அல்ல. ரெங்கசாமியின் தோட்டத்துக்குள் வெளியிலிருந்து ராணுவ லாரி வருகிறது. முத்துசாமியின் தோட்டத்தில் அப்படி எதுவும் வர வேண்டியதில்லை. லயத்து ஆட்களின் மனசுக்குள் நடப்பதும், அவர்கள் பேசிக்கொள்ளும் தமிழுமே அவருடைய உலகம். ‘தோட்டத்துப் பேச்சுத் தமிழில், உள்ளிருந்து எழுதுபவர்’ என்று அவருக்கு எழுதினால், இரண்டு குறிப்புகளும் எதிரெதிர்ப் பக்கத்தில் அச்சானாலும் ஒன்றை மற்றொன்றென்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஒரு குறிப்பு நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க நான் செய்யும் சோதனை இதுதான். அடுத்த பக்கத்து எழுத்தாளரின் பெயரை இதில் பொருத்திப் படிப்பேன். பொருந்தினால் திரும்ப எழுதச் சொல்வேன்.

ரெங்கசாமிக்கு எழுதிய குறிப்பின் முதல் வரியில் ‘தமிழில் எழுதும்’ என்று ஒரு தொடர் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தமிழ்க் கையேட்டில் இது தேவையில்லை. பன்மொழி விழாவில் இது இல்லாமல் முடியாது. 1986இல் தொடங்கிய சிங்கப்பூர் எழுத்தாளர் விழாவில் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் நான்கும் ஒரே கையேட்டில் வருகின்றன. பினாங்கில் 2011 முதல் ஜார்ஜ் டவுன் இலக்கிய விழா நடக்கிறது. அங்கே கையேட்டைப் புரட்டும் ஒருவர் இந்தியப் பெயரைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் எழுதுபவர் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். நூலைக் கடையில் தேடுவார், கிடைக்காது. அவர் தமிழில் எழுதுகிறார், இந்த நூல் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது அல்லது இன்னும் மொழிபெயர்க்கப்படவில்லை என்ற செய்தி அந்த நான்கு வரியில் கட்டாயம் இருக்க வேண்டும். ‘இன்னும் மொழிபெயர்க்கப்படவில்லை’ என்று எழுத நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். விழாவுக்கு வரும் மொழிபெயர்ப்பாளர்களும் பதிப்பாளர்களும் தேடிக்கொண்டிருப்பது அந்த வரியைத்தான்.

விருதுப் பட்டியல் விஷயத்திலும் இந்த நாட்டுக்கென்று ஒரு நிலைமை இருக்கிறது. 1981இல் கெரிஸ் மாஸுக்கு வழங்கியதிலிருந்து தேசிய இலக்கியவாதி என்ற உயரிய பட்டம் மலாய்மொழி எழுத்துக்குத்தான் போகிறது. தமிழிலும் சீனத்திலும் எழுதுவது தேசிய இலக்கியம் என்ற வரையறைக்குள் வருவதில்லை. ஓர் இனத்தாரின் இலக்கியம் என்று தனியே வைக்கப்படுகிறது. வெளிநாட்டு நெறியாளர் ஒருவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. இத்தனை ஆண்டு எழுதியவருக்கு நாட்டின் விருது ஒன்றுகூட இல்லையே என்று அவர் எண்ணலாம். அந்த எண்ணத்தை ஈடுகட்ட நாம் என்ன செய்கிறோம்? கிளைச் சங்கம் போர்த்திய பொன்னாடை முதல் கட்டுரைப் போட்டியின் ஆறுதல் பரிசு வரை எல்லாவற்றையும் நிரப்பிவிடுகிறோம். நூலுக்கு இடமில்லாமல் போகிறது. ஒரு விருது போதும். அந்த விருது எதற்கு, எந்த ஆண்டு என்று தெளிவாக இருந்தால் போதும். எந்த விருதைச் சொல்வது என்று தயங்கினால், விருது வழங்கியவர்கள் அந்த எழுத்தாளரின் நூலைப் படித்துவிட்டு வழங்கினார்களா என்று கேட்டுப் பாருங்கள். விடை உங்களுக்கே தெரியும்.

இனிச் சிறுகதையாளர்களின் தனிச் சிக்கலுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மலேசியத் தமிழ்ச் சிறுகதை நூலில் வளர்ந்தது அல்ல. நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வளர்ந்தது. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனது. அந்த இதழில்தான் 1950களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். கதை எப்படி எழுதுவது என்று நாளிதழிலேயே பாடம் சொல்லிக் கொடுத்து ஒரு தலைமுறையை உருவாக்கினார்கள். அந்தத் தலைமுறையும் அடுத்த தலைமுறையும் எழுதியவற்றில் பெரும்பகுதி நூலாகவே வரவில்லை. நூல் போட வேண்டுமென்றால் எழுத்தாளரே காசு போட வேண்டும், அவரே வெளியீட்டு விழா நடத்த வேண்டும், தலைமை தாங்க வருகிற பிரமுகர் உறையில் வைத்துத் தருவதைக் கொண்டு அச்சகக் கடனை அடைக்க வேண்டும். நாற்பது ஆண்டு எழுதியவர் ஒரே தொகுப்போடு இருப்பதற்கு இதுதான் காரணம். அவரிடம் சரக்கு இல்லாததால் அல்ல.

இப்படிப்பட்டவரிடம் ‘உங்கள் நூல்கள்?’ என்று விழாக் குழு கேட்டால் அவர் என்ன எழுதுவார்? ‘300க்கும் மேற்பட்ட சிறுகதைகள் எழுதியுள்ளார்’ என்று எழுதுவார். அந்த எண்ணை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணவும் முடியாது. அதனால் படிப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. அதற்குப் பதிலாக எந்த இதழில், எந்தக் காலத்தில் எழுதினார் என்று எழுதுங்கள். ‘1970களிலும் 80களிலும் தமிழ் நேசன் ஞாயிறு பதிப்பில் தொடர்ந்து எழுதியவர்’ என்ற ஒரு வரி ஆய்வு மாணவருக்கு வழி காட்டும். எந்த ஆண்டுத் தாள்களைப் புரட்டுவது என்று அவருக்குத் தெரிந்துவிடும். கதை தொகைநூலில் இடம்பெற்றிருந்தால் தொகைநூலின் பெயரைச் சொல்லுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்தும் போட்டியிலிருந்து வரும் ‘பேரவைக் கதைகள்’ பலருக்கும் நூலில் ஏறிய முதல் கதையைத் தந்திருக்கிறது. அதைச் சொல்வதில் குறைவொன்றும் இல்லை.

தொகைநூல் என்றதும் நம் சை. பீர்முகம்மது நினைவுக்கு வருகிறார். கோலாலம்பூர்க்காரர். ‘வெண்மணல்’ அவருடைய சிறுகதைத் தொகுப்பு, ‘பெண் குதிரை’ நாவல், ‘கைதிகள் கண்ட கண்டம்’ ஆஸ்திரேலியப் பயண நூல். இந்த மூன்று தலைப்பையும் வகை சொல்லாமல் வரிசையாக அடுக்கிப் பாருங்கள். எது கதை, எது பயணம் என்று அறியாதவருக்குத் தெரியுமா? ‘கைதிகள் கண்ட கண்டம்’ நாவல் என்றே தோன்றும். வகையைக் குறிப்பிட ஒரே ஒரு சொல் செலவாகும். அந்தச் சொல்லை மிச்சம் பிடித்தால் நூலே தொலைந்துபோகும்.

பீர்முகம்மதுவின் குறிப்பில் நான் முதலில் வைப்பது இந்த மூன்றையும் அல்ல, ‘வேரும் வாழ்வும்’ தொகைநூலைத்தான். மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளைத் தேடித் திரட்டித் தொகுதிகளாக அவர் கொண்டுவந்த நூல் அது. செய்தித்தாளோடு மக்கிப்போயிருக்க வேண்டிய கதைகள் பல அதனால் நூலில் ஏறின. ஓர் எழுத்தாளர் தம்மைப் பற்றி எழுதும்போது சொந்தக் கதைகளை முன்னே வைத்துத் தொகுப்புப் பணியைக் கடைசியில் ஓர் ஓரமாகச் சேர்ப்பது இயல்பு. குறிப்பு எழுதித் தருகிறவர் அந்த வரிசையை மாற்றத் துணிய வேண்டும். ‘சிறுகதையாளர், நாவலாசிரியர், பயண நூலாசிரியர், பதிப்பாளர்’ என்று நான்கு தொப்பி மாட்டுவதைவிட, ‘மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளைத் தொகுத்தவர், அவரே சிறுகதையாளர்’ என்பது அவரை நெருங்கிச் சொல்கிறது.

கவிஞர்களுக்கு வருவோம். கவிதைத் தொகுப்பின் தலைப்பு உள்ளே இருப்பதைச் சொல்வதில்லை. கதை நடக்கும் இடமும் காலமும் கவிதையில் இல்லை. ஆகையால் நாவலாசிரியரிடம் கேட்ட கேள்வி இங்கே செல்லாது. கவிஞரின் குறிப்பில் முதலில் தெரிய வேண்டியது வடிவம்: மரபா, புதுக்கவிதையா? ‘இயற்கை, காதல், சமூகம், மொழிப்பற்று ஆகியவற்றைப் பாடியவர்’ என்று எழுதுவது கவிதை எழுதுபவர் என்று மட்டுமே சொல்கிறது.

சீனி நைனா முகம்மதுவைப் பாருங்கள். 1947 முதல் 2014 வரை வாழ்ந்தவர். யாப்பில் எழுதிய மரபுக் கவிஞர். இலக்கணம் கற்பித்தவர். ‘உங்கள் குரல்’ இதழை நடத்தியவர். ‘தேன்கூடு’ அவருடைய கவிதைத் தொகுப்பு. இவ்வளவும் குறிப்பில் வரும். ஆனால் இந்த நாட்டில் தமிழ் நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் நாம் எழுந்து நின்று பாடுகிற தமிழ் வாழ்த்து அவர் இயற்றியது. அதைப் பாடும் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? ஆகவே அவருடைய குறிப்பின் முதல் வரி அதுவாகத்தான் இருக்க வேண்டும். வாசகர் ஏற்கெனவே அறிந்த ஒன்றில் தொடங்கினால், அவரை அறியாத இடத்துக்குக் கூட்டிச் செல்வது எளிது. ‘மலேசியாவில் பாடப்படும் தமிழ் வாழ்த்தை இயற்றியவர். மரபு யாப்பில் எழுதினார்; யாப்பையும் இலக்கணத்தையும் கற்பித்தார்.’ இந்த இரண்டு வரியில் கவிதையும் கற்பித்தலும் ஒரே வேலையின் இரண்டு முகங்களாகத் தெரிகின்றன. நூலும் இதழும் அடுத்து வந்தால் போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் எதை எடுப்பது, எதை விடுவது என்பதைப் பற்றியது. எடுத்தால் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும் செய்தி ஒன்று இருந்தால் என்ன செய்வது? ம. நவீனின் ‘பேய்ச்சி’ 2019இல் வந்தது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதற்குத் தடை விதித்தது. தடை செய்யப்பட்ட தமிழ் நாவல் என்பது எந்த விழாக் குழுவின் கண்ணிலும் உடனே படும். அதை முதல் வரியாக்கினால் அரங்கு நிறையும் என்று அவர்களுக்குத் தெரியும்.

என் கருத்து வேறு. தடையைச் சொல்லத்தான் வேண்டும். மறைப்பது வாசகருக்குச் செய்யும் தீங்கு. ஆனால் அது நூலின் பெயரோடு ஒட்டிய ஒரு தொடராக வரட்டும்: ‘பேய்ச்சி (2019, மலேசியாவில் 2020 முதல் தடை)’. அவ்வளவுதான். அதைத் தொடர்ந்து ‘சிகண்டி’ நாவலும், ‘மண்டை ஓடி’, ‘போயாக்’, ‘உச்சை’ ஆகிய சிறுகதைத் தொகுப்புகளும், வல்லினம் இதழின் ஆசிரியர் பணியும் வர வேண்டும். முதல் வரியிலேயே தடையை வைத்தால் நெறியாளரின் எல்லாக் கேள்வியும் அதையே சுற்றும். ஒரு மணி நேர அமர்வில் ஒரு கதையைப் பற்றியும் பேச்சு வராது. எழுத்தாளர் தம் எழுத்தைப் பற்றிப் பேச வந்து, அமைச்சின் முடிவைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்.

அந்தத் தொடர் அங்கே இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி தடை செய்யப்பட்ட நூலை இங்கே அச்சிடுவதும் விற்பதும் மட்டுமல்ல, தக்க காரணமின்றிக் கைவசம் வைத்திருப்பதும் குற்றம். விழாவின் நூல் விற்பனை மேசைக்கு எந்தெந்த நூலைத் தருவிப்பது என்பதைப் பெரும்பாலும் தொண்டூழியர்கள் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். குறிப்பில் தடை பற்றிய சொல் இல்லையென்றால் விவரம் அறியாத ஓர் இளைஞர் அந்த நூலைத் தேடிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடக்கூடும்.

நூல் விவரத்தைச் சரிபார்ப்பது எப்படி என்றும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நினைவிலிருந்து எழுதாதீர்கள். எழுத்தாளரே சொன்னாலும் நூலைத் திறந்து பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள். முதற்பதிப்பு எந்த ஆண்டு, பதிப்பகம் எது என்பது அங்கே இருக்கும். நம் நூல்கள் பல சென்னையில் அச்சாகின்றன. சில இங்குள்ள பதிப்பகமும் அங்குள்ள பதிப்பகமும் சேர்ந்து போட்டவை. ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பார்த்தால் எந்த நாட்டில் பதிவானது என்று தெரியும். 978க்கு அடுத்து 967, 983, 629 என்று வந்தால் மலேசியா. 81 அல்லது 93 என்று வந்தால் இந்தியா. எந்த எண்ணும் இல்லாத பழைய நூல்கள் ஏராளம் இருக்கின்றன. அவற்றுக்கு ஊர்ப் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். ‘விரைவில் வெளிவரும்’ என்பதை மட்டும் எந்த நூலுக்கும் எழுதாதீர்கள். கையேடு பல ஆண்டு அலமாரியில் இருக்கும். அந்த நூல் வராமலே போயிருக்கலாம்.

மொழிபெயர்ப்புக்குப் போகும் குறிப்புக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. தமிழில் வேற்றுமை உருபும் காலமும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மலாயிலும் ஆங்கிலத்திலும் அவை தனிச் சொற்களாக விரிகின்றன. அறுபது சொல் தமிழ்க் குறிப்பு ஆங்கிலத்தில் தொண்ணூறு வரை போவதை நான் வழக்கமாகப் பார்க்கிறேன். விழாக் குழு ஆங்கிலத்தில் அறுபது என்று கேட்டிருந்தால், வடிவமைப்பாளர் கடைசி வரியை வெட்டிவிடுவார். கடைசி வரியில் நாம் என்ன வைத்திருக்கிறோம்? பெரும்பாலும் நூல்களை. புகழ்மொழி முன்னே தப்பித்துக்கொள்ளும், நூல்கள் வெட்டுப்படும். ஆகவே தமிழில் நாற்பது சொல்லுக்குள் எழுதுங்கள். வெட்டினாலும் பரவாயில்லை என்று நினைக்கும் செய்தியைக் கடைசியில் வையுங்கள். என் கணக்கில் அது விருது. ரெங்கசாமியின் குறிப்பில் விருதைக் கடைசியில் வைத்தது அதனால்தான். பெயரின் ரோமன் எழுத்துக்கூட்டலை எழுத்தாளரிடமே கேட்டு வாங்குங்கள். ஒரே ஆளின் பெயர் கையேட்டில் ஒரு விதமாகவும் நூலக அட்டவணையில் வேறு விதமாகவும் இருந்தால், தேடுகிறவருக்கு அவர் இரண்டு ஆட்கள்.

அரங்கில் முன்வரிசையில் இளைஞர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களில் சிலருக்கு இன்னும் நூல் வந்திருக்காது. அடுத்த ஆண்டு ஏதாவது ஒரு விழாவில் வாசிக்க அழைப்பார்கள், குறிப்பு கேட்பார்கள். ‘வளர்ந்து வரும் எழுத்தாளர், இலக்கியத்தில் தீராத ஆர்வம் கொண்டவர்’ என்று எழுதி அனுப்பாதீர்கள். ஒரே ஒரு கதைதான் அச்சாகியிருக்கிறது என்றால் அந்தக் கதையின் பெயரையும், வந்த இதழையும், மாதத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். அந்தக் கதை எங்கே, யாருக்கு நடக்கிறது என்று ஒரு வரி சேருங்கள். பூச்சோங் அடுக்குமாடி வீட்டில் பாட்டியோடு தனியே இருக்கும் பையனின் கதை என்றால் அப்படியே எழுதுங்கள். ஊரும் பெயரும் போட இடம் போதும். மிச்ச இடம் காலியாக இருக்கட்டும்.